கொதிக்க வைத்தும் போகாத புளித்த வாடை: பால் பாட்டிலும் நிப்பிளும்

போன மாதம் ஒரு நாள் இரவு என் தங்கை போன் செய்தாள். "அக்கா, பாட்டிலை மூணு தடவை கொதிக்க வச்சுட்டேன். அப்பவும் நாத்தம் போகலை. பாட்டில் வேற வெள்ளையா மங்கிப் போச்சு" என்றாள். கழுவாமலேயே கொதிக்க வைத்தாயா என்று கேட்டேன். "கழுவினேனே, கொதிக்கிற தண்ணி ஊத்தித்தான் முதல்ல கழுவினேன்" என்றாள். அந்த ஒரு பதிலிலேயே பாதி விஷயம் புரிந்துவிட்டது.

பாலில் இருப்பவற்றில் நமக்கு இங்கே வேண்டியவை நான்கு: கொழுப்பு, புரதம், சர்க்கரை, தாது உப்புகள். தாய்ப்பாலோ பவுடர் பாலோ, இந்த நான்கும் உண்டு. சர்க்கரை வெறும் தண்ணீரிலேயே கரைந்து போய்விடும். கொழுப்புக்குத் தண்ணீர் போதாது, சோப்பு வேண்டும். புரதம்தான் கொஞ்சம் வம்பு பிடித்தது. சூடு பட்டால் அது உருமாறிக் கெட்டிப்படும். பால் காய்ச்சும் பாத்திரத்தில் மேல்மட்டத்தைச் சுற்றி ஒரு வளையம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். விரலால் தேய்த்தால் வராது, நகத்தால் சுரண்ட வேண்டும். பாலில் உள்ள ஒரு வகைப் புரதம் சுமார் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே இப்படி மாறத் தொடங்கிவிடும். பால் ஒட்டியிருக்கும் பாட்டிலில் நேராகக் கொதிநீரை ஊற்றினால், அந்த வளையத்தை பாட்டில் முழுக்க நாமே பூசிவிட்ட மாதிரிதான். அது போதாதென்று, அந்தப் புரதப் படலம் தனக்கு அடியில் கொஞ்சம் கொழுப்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். வாடை அங்கிருந்துதான் கிளம்புகிறது.

கொதிக்க வைப்பது கிருமியைக் கொல்லும், அழுக்கை எடுக்காது. ஒட்டியிருக்கும் பழைய பாலை அது இன்னும் நன்றாக வேகவைத்து ஒட்ட வைக்கும், அவ்வளவுதான். அடுத்த முறை பாட்டில் ஈரமாக மூடிக் கிடக்கும்போது, கையிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் புதிதாக வந்த கிருமிகளுக்கு அந்தப் படலமே சாப்பாடு. அவை பாலின் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை விடும். அதுதான் புளிப்பு. கொழுப்பு உடைந்தால் வேறு சில அமிலங்கள் வெளிவரும். அவற்றில் ஒன்றான பியூட்டிரிக் அமிலத்துக்குத்தான் அந்தக் குமட்டும், வாந்தி மாதிரியான வாடை. மிகக் குறைந்த அளவிலேயே மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும்.

வெள்ளை மங்கல் எல்லாம் ஒன்றல்ல

பாட்டில் மங்கலாக இருந்தால் எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை மூன்று வெவ்வேறு சங்கதிகள் ஒரே மாதிரி வெள்ளையாகத் தெரியும். எது என்று தெரியாமல் தேய்த்துக்கொண்டே இருந்தால் கைதான் வலிக்கும்.

முதலாவது பால் படலம். பாட்டிலை நன்றாகக் காயவிட்டு, உள்ளே விரலை விட்டுத் தேய்த்துப் பாருங்கள். வழுவழுவென்று விரல் வழுக்கினால், அல்லது விரலில் லேசாகப் பிசுக்கு ஒட்டினால், அது கொழுப்பும் புரதமும். சுத்தமான பாட்டிலில் ஈர விரல் கிரீச்சென்று சத்தம் போடும்.

இரண்டாவது உப்புப் படிவு. தண்ணீர் உப்பாக இருக்கும் இடங்களில் கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதேதான். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், கொதிக்கும்போது கரையாத சுண்ணாம்பாக மாறி எதன்மேல் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளும். பாலிலுள்ள கால்சியமும் இதோடு கூட்டுச் சேரும். இதைத் தொட்டால் வழுக்காது, மெல்லிய மாவு பூசியதுபோல் வறண்டிருக்கும். ஈரமாக இருக்கும்போது பாட்டில் பளிச்சென்று தெரியும், காய்ந்ததும் மங்கல் திரும்பி வரும். ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, கீறல் விழுந்த பாட்டிலும் அப்படித்தான் ஏமாற்றும். அதனால் பஞ்சு சுற்றிய காது குச்சி ஒன்றை வெள்ளை வினிகரில் நனைத்து, மங்கலான ஓரிடத்தில் ஐந்து நிமிடம் வைத்து, கழுவிக் காயவிட்டுப் பாருங்கள். அந்த இடம் மட்டும் தெளிந்திருந்தால் உப்பு.

மூன்றாவது, அது படிவே இல்லை. பிளாஸ்டிக்கின் மேல்பரப்பு கீறிப்போயிருக்கும். பெரும்பாலான பிளாஸ்டிக் பால் பாட்டில்கள் பாலிபுரொப்பிலீனில் செய்தவை. அது மிருதுவானது. முரட்டு நைலான் பிரஷ் போட்டுத் தேய்த்தால் முடியளவுக் கோடுகள் ஆயிரக்கணக்கில் விழும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துச் சாய்த்துப் பார்த்தால் பிரஷ் சுற்றிய திசையிலேயே கோடுகள் ஓடுவது தெரியும். இதற்கு மருந்து கிடையாது.

நிப்பிளுக்கு மட்டும் இன்னொரு கணக்கு உண்டு. சிலிக்கான் நிப்பிள் கொதித்து வந்ததும், அல்லது ஆவியில் வைத்து எடுத்ததும், பால் மாதிரி வெளுத்துத் தெரியும். பல பேர் பயந்து தூக்கிப் போடுவது இதைப் பார்த்துத்தான். சூட்டில் சிலிக்கான் கொஞ்சம் நீராவியை உள்ளே இழுத்துக்கொள்கிறது, அதனால் வரும் மங்கல் அது. ஒரு நாள் திறந்த இடத்தில் காயவிட்டால் தானே தெளிந்துவிடும். மறுநாளும் மங்கலாகவே இருந்தால்தான் படிவைப் பற்றி யோசிக்க வேண்டும்.

எதை முதலில், எதை அப்புறம்

சரி, இப்போது வேலைக்கு வருவோம். பால் படலத்துக்கு சோப்பு, உப்புக்குப் புளிப்பு. இதில் வரிசை மாறக்கூடாது. முதலில் வினிகர் ஊற்றினால் என்ன ஆகும்? பாலில் வினிகர் ஊற்றினால் திரிவதைப்போல, பாட்டிலில் ஒட்டியிருக்கும் புரதமும் திரிந்து இன்னும் இறுகும். கூடவே, கொழுப்புப் படலம் மூடியிருக்கும் இடத்தில் உள்ள உப்பை வினிகரால் தொடவே முடியாது. பால் பண்ணைகளில் குழாய்களைக் கழுவும்போதும் பொதுவாக இதே வரிசைதான்: வெதுவெதுப்பான தண்ணீர், அப்புறம் காரம், அப்புறம் அமிலம்.

வினிகரையும் சமையல் சோடாவையும் ஒன்றாகக் கொட்டி நுரை பொங்குவதைப் பார்த்து மகிழ்கிறவர்கள் நிறையப் பேர். அந்த நுரை வெறும் கரியமில வாயு. இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, கடைசியில் மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். இரண்டையும் பயன்படுத்தலாம், ஆனால் தனித்தனியாக.

தங்கை வீட்டு பாட்டில்

சனிக்கிழமை நேரில் போய்ப் பார்த்தேன். 240 மில்லி பிளாஸ்டிக் பாட்டில். ஒரு நாள் மாலை வெளியே போனபோது சுமார் 30 மில்லி பால் மீதியோடு பையில் போட்டதை, மறுநாள் மதியம்தான் எடுத்திருக்கிறாள். பதினெட்டு மணி நேரம் மூடிக் கிடந்த பால். அதன் மேல்தான் கொதிநீர்.

முதலில் வாடை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தோம். பாட்டில், நிப்பிள், மூடி வளையம், வளையத்துக்குள் இருந்த காற்று வால்வு, எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்து வைத்து ஒவ்வொன்றாக மோந்து பார்த்தோம். பாட்டிலில் அதிகம் இல்லை. நிப்பிளில் இருந்தது. வளையத்தின் மரையில் மூக்கைச் சுளிக்கும் அளவுக்கு இருந்தது. மரைக்கு அடியில் மஞ்சளாக ஒரு கோடு உட்கார்ந்திருந்தது, அது காய்ந்த பால். நிப்பிளைக் கழற்றாமல் வளையத்தோடு சேர்த்தே கழுவுகிற வீடுகளில் இந்தக் கோடு கட்டாயம் இருக்கும்.

எல்லாவற்றையும் குழாயில் பச்சைத் தண்ணீரில் அலசினோம். அப்புறம் ஒரு தனி பேசின். சிங்க்கில் நேரடியாகப் போட வேண்டாம். மற்றப் பாத்திரங்களின் அழுக்கும் கிருமியும் அங்கேதான் குடியிருக்கின்றன. பேசினில் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், கையை வைத்தால் இதமாக இருக்கும் சூடு, அவ்வளவு போதும். வாசனையில்லாத பாத்திரம் கழுவும் லிக்விட் அரை டீஸ்பூன். வாசனையில்லாதது என்று சொல்லக் காரணம் உண்டு. சிலிக்கானுக்கு எண்ணெய்ப் பசையோடு ஒரு உறவு. கொழுப்பில் கரையும் எதையும் மெதுவாக உள்ளே இழுத்துக்கொள்ளும். பாலின் கெட்ட வாடையை அது பிடித்து வைப்பதும் இதனால்தான், எலுமிச்சை சென்ட் போட்ட லிக்விட்டின் வாசனையைப் பிடித்து வைப்பதும் இதனால்தான்.

இருபது நிமிடம் ஊறவிட்டோம். ஊறுவது முக்கியம், ஏனென்றால் வெந்து ஒட்டிய புரதம் தண்ணீர் குடித்து உப்பினால்தான் விடும். ஊறிய பிறகு ஸ்பான்ஞ் தலை பிரஷ்ஷால் பாட்டிலின் அடிமூலையைச் சுற்றித் தேய்த்தேன். மரைக்குச் சின்ன பிரஷ். நிப்பிளை உள்வெளியாகத் திருப்பி, விரலுக்கு விரல் வைத்து மெதுவாகத் தேய்த்தோம். நுனி உள்ளே குழிவாக இருக்கும், அங்கே நகம் படக்கூடாது. பிறகு நேராகத் திருப்பி, உள்ளே சோப்புத் தண்ணீரை நிரப்பி, நுனியைப் பிதுக்கித் துவாரம் வழியாகப் பீய்ச்ச வேண்டும். நான்கைந்து முறை பீய்ச்சியதும் ஒரு வெள்ளைத் துணுக்கு வெளியே வந்தது. கட்டிப் பால். தங்கை முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! நிப்பிளின் அடி விளிம்பில் காற்று போகச் சின்னதாக ஒரு துவாரம் இருக்கும், அதையும் இதேபோல் பிதுக்கிப் பார்க்க வேண்டும். அதில் பால் அடைத்தால் காற்று உள்ளே போகாது, குழந்தை உறிஞ்ச உறிஞ்ச நிப்பிள் ஒட்டிக்கொண்டு சுருங்கும்.

அலசிவிட்டு ஈர விரலால் பாட்டிலைத் தடவினேன், கிரீச்சென்றது. ஆனால் காய்ந்ததும் கீழ்ப் பாதியில் மங்கல் அப்படியே இருந்தது. வினிகர் குச்சி வைத்துப் பார்த்தோம், அந்தப் பொட்டு மட்டும் கண்ணாடி மாதிரி தெளிந்தது. அப்படியானால் மீதி உப்பு. வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம பங்காகக் கலந்து பாட்டிலை நிரப்பி, நிப்பிளையும் அதிலேயே மூழ்கவிட்டு அரை மணி நேரம் வைத்தோம். வினிகர் வாடை பிடிக்காதவர்கள் சிட்ரிக் ஆசிட் போடலாம். 250 மில்லி வெந்நீருக்கு ஒரு டீஸ்பூன், அதற்கு வாடையே கிடையாது. பிறகு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசினோம். பாட்டில் முக்கால்வாசி தெளிந்துவிட்டது. மீதி கால்வாசி? வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வட்ட வட்டமாகக் கோடுகள். பழைய நைலான் பிரஷ் விட்டுப்போன தழும்புகள்.

நிப்பிள் பார்க்கப் புதுசு மாதிரி ஆகிவிட்டது, ஆனால் மோந்தால் வாடை லேசாக இருந்தது. மேல்பரப்பில் இருந்ததை எடுத்துவிட்டோம், உள்ளே ஊறியதுதான் பாக்கி. இந்த இடத்தில் தேய்த்துப் பிரயோஜனமில்லை. அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டேபிள்ஸ்பூன் சமையல் சோடா கரைத்து, நிப்பிளை இரவு முழுக்கப் போட்டு வைத்தோம். வாடைக்குக் காரணமான அமிலங்கள் சோடாவோடு சேர்ந்தால் உப்பாக மாறும். உப்பு ஆவியாகாது, அதனால் மூக்கை எட்டாது. ஆனால் உள்ளே ஊறியது வெளியே வந்து சோடாவைச் சந்திக்க நேரமெடுக்கும், அதனால்தான் இரவு முழுக்க. சோடாவைப் பொடியாகப் போட்டுத் தேய்க்காதீர்கள், மென்மையான பரப்பில் அதுவும் ஒரு உப்புத்தாள்தான். மறுநாள் காலையில் வாடை பாதி குறைந்திருந்தது. இன்னொரு இரவு புதுக் கரைசலில் போட்டு, பகலில் காற்றோட்டமாக வைத்த பிறகு எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தங்கைக்கு மட்டும் "இன்னும் லேசா இருக்கு" என்று ஒரு சந்தேகம்.

அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க ஒரு வழி உண்டு. சுத்தமான பாட்டிலில் வெதுவெதுப்பான வெறும் தண்ணீரைப் பாதி ஊற்றி, நிப்பிள் மூடி எல்லாம் போட்டுக் குலுக்கி, பத்து நிமிடம் கழித்துத் திறந்து மோந்து பாருங்கள். தண்ணீரில் வாடை இல்லையென்றால் பாட்டில் நிரபராதி. அப்போதும் பாலில் மட்டும் வாடை வந்தால் பாலைப் பார்க்க வேண்டும். சில அம்மாக்களின் பாலைப் பிழிந்து ஃபிரிட்ஜில் வைத்தால், அதிலுள்ள லிப்பேஸ் என்ற நொதி கொழுப்பை உடைத்து, சோப்பு மாதிரியோ லேசான சிக்கு வாடையாகவோ வரும். அதற்கு பாட்டிலை எத்தனை தேய்த்தாலும் போகாது.

காற்று வால்வை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. அதன் மெல்லிய கீற்றின் இரண்டு உதடுகளும் காய்ந்த பாலில் ஒட்டிப்போய், பிரித்தபோது ஓரத்தில் கிழிந்துவிட்டது. அதை மாற்றினோம்.

கொதிக்க வைப்பதும் காய வைப்பதும்

இதெல்லாம் முடிந்த பிறகுதான் கொதிக்க வைக்கும் வேலை. பாகங்களைத் தனித்தனியாக, உள்ளே காற்றுக் குமிழ் நிற்காமல் முழுக்க மூழ்கும்படி போட்டு, தண்ணீர் நன்றாகத் தளதளவென்று கொதித்ததிலிருந்து ஐந்து நிமிடம். பாட்டில் அல்லது அதன் பெட்டி கொதிக்க வைக்கலாம் என்று சொல்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தை, குறைமாதத்தில் பிறந்த குழந்தை, எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தை என்றால் இதை தினமும் ஒருமுறை செய்ய வேண்டும். பெரிய, ஆரோக்கியமான குழந்தைக்கு ஒவ்வொரு பால் முடிந்ததும் சரியாகக் கழுவுவதுதான் முக்கியம்.

உப்புத் தண்ணீர்க்காரர்களுக்கு ஒரு சின்ன தந்திரம். தண்ணீரை மட்டும் முதலில் ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, மேலாகத் தெளிவை இறுத்து, அந்தத் தண்ணீரில் பாட்டிலைக் கொதிக்க வையுங்கள். படிய வேண்டிய சுண்ணாம்பில் பெரும்பகுதி முதல் கொதியிலேயே அடியில் தங்கிவிடும், பாட்டில்மேல் வராது.

எடுத்த பிறகு துணியால் துடைக்க வேண்டாம். துணியில் இருப்பது பாட்டிலுக்கு வரும். சுத்தமான விரிப்பில் தனித்தனியாகக் கவிழ்த்து, தானே காயவிட வேண்டும். நன்றாகக் காயும்வரை மூடி போடக்கூடாது. தங்கை செய்தது இதற்கு நேர் எதிர். கொதித்து எடுத்ததும் தூசி படக்கூடாதே என்று ஈரத்தோடு மூடி அலமாரியில் வைத்துவிட்டாள். அடைத்த ஈரத்தில் மிச்சமிருந்த கிருமிக்கு நல்ல வசதி.

பிளீச் போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: பிளீச்சையும் வினிகரையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள், ஒன்றை அலசாமல் அடுத்ததையும் ஊற்றாதீர்கள். குளோரின் வாயு வரும், அது நுரையீரலைப் புண்ணாக்கும். கொதிக்க வைக்க அடுப்பு இருக்கும்போது எனக்கு பிளீச்சின் தேவை தெரியவில்லை.

எப்போது விட்டுவிட வேண்டும் என்பதற்கு நான் பார்ப்பது இவ்வளவுதான். நிப்பிளை நாலா பக்கமும் இழுத்துப் பார்ப்பேன். ஒட்டுகிற மாதிரி பிசுபிசுத்தாலோ, ஓரிடத்தில் மெலிந்திருந்தாலோ, வெடிப்போ பல் தடமோ தெரிந்தாலோ போய்விட்டது என்று அர்த்தம். பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தால் பால் சொட்டுச் சொட்டாக வர வேண்டும், தாரையாக ஊற்றினால் துவாரம் பெரிதாகிவிட்டது. கறுப்புப் புள்ளி பூஞ்சை, அது சிலிக்கானுக்குள் வேர்விட்டபின் கழுவிப் பயனில்லை. பாட்டிலில் கீறல்கள் நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு ஆழமானால் பிரஷ் உள்ளே போகாது, பால் போகும். தங்கையின் பாட்டிலை நான் வைத்துக்கொள்ளச் சொன்னேன், கோடுகள் நகத்தில் தட்டவில்லை.

ஒரு வாரம் ஒன்றும் பேச்சில்லை. அடுத்த புதன்கிழமை மறுபடி போன். "அக்கா, திரும்ப வந்துடுச்சு." நீ சொன்னபடியேதான் செய்கிறேன், பச்சைத் தண்ணீர், சோப்பு, காயப் போடுவது எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது என்று சத்தியம் செய்தாள். பிரஷ் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். சிங்க் ஓரத்தில் ஒரு டம்ளரில் தலைகீழாக நிற்கிறதாம், ஸ்பான்ஞ் பக்கம் கீழே. எடுத்து மோந்து பார் என்றேன். சில நொடிகள் சத்தமில்லை. அப்புறம் குப்பைத்தொட்டியின் மூடி திறக்கிற ஓசை கேட்டது.